சொல்லை வெட்டலாம், கனிவை வெட்ட வேண்டியதில்லை

வாசகர் கடிதம்

நான் குழந்தைகள் நலப் பிரிவில் செவிலியர். வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். கொடுப்பது பற்றி ஒரு பெண்கள் இதழுக்குக் கட்டுரை எழுதினேன். 900 சொல் வந்தது. ‘சுற்றி வளைக்கிறது. வெற்றுச் சொற்கள், தயக்கச் சொற்கள், செயப்பாட்டு வினை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு 600 சொல்லில் கொடுங்கள்’ என்று திருப்பி அனுப்பினார்கள். ‘லாம்’, ‘சுமார்’, ‘சிறிது’ போன்றவற்றை எடுத்தேன். ‘படு’ வந்த இடமெல்லாம் மாற்றினேன். 180 சொல் முன்னுரையை மட்டும் தொடவில்லை, அதில்தான் கொஞ்சம் கனிவு இருக்கிறது. படித்துப் பார்த்த தோழி, ‘ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டின நோட்டீஸ் மாதிரி இருக்கு, திட்டுற மாதிரி இருக்கு’ என்கிறாள். சுருக்கினாலே கடுமை வந்துவிடும்தானே? அப்படியென்றால் கொஞ்சம் வளர்த்தி எழுதுவதுதான் மரியாதையா? ஒரு பத்தியை இரண்டு வடிவிலும் அனுப்புகிறேன்.

*முதலில் எழுதியது:* ஓ.ஆர்.எஸ். கரைசலானது வீட்டிலேயே மிகவும் எளிதான முறையில் தயாரிக்கப்படக் கூடியதாக இருக்கிறது. ஒரு பாக்கெட்டில் உள்ள பொடியானது முழுவதுமாக ஒரு லிட்டர் சுத்தமான குடிநீரில் கலக்கப்பட வேண்டும் என்பது குறிப்பிடத்தக்கது. இவ்வாறு தயாரிக்கப்பட்ட கரைசலானது பொதுவாக ஏறக்குறைய 24 மணி நேரத்திற்குள் பயன்படுத்தப்படுவது நல்லது என்று கருதப்படுகிறது. குழந்தைக்கு வாந்தி ஏற்படும் பட்சத்தில் பயப்படத் தேவையில்லை. சுமார் 10 நிமிடங்கள் காத்திருந்து, மீண்டும் சிறிது சிறிதாகக் கொடுக்கப்படலாம். இனிப்புச் சேர்க்கப்பட்ட பானங்கள் தவிர்க்கப்படுவது நல்லது என்று சொல்லலாம்.

*வெட்டிய பிறகு:* ஓ.ஆர்.எஸ். பொடியை ஒரு லிட்டர் நீரில் கலக்கவும். 24 மணி நேரத்தில் பயன்படுத்தவும். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் நிறுத்தவும். பிறகு கொடுக்கவும். நீங்கள் வேறு பானங்கள் கொடுக்கக் கூடாது.

மொழிச் செம்மையாளரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தோழி சொன்னது சரி. ஆனால் அதற்கான காரணம் நீங்கள் நினைப்பது அல்ல. இரண்டாவது வடிவம் கடுமையாக இருப்பது அதில் 22 சொற்களே இருப்பதால் அல்ல. ‘பயப்படாதீர்கள், அம்மா இருக்கிறேன்’ என்பது மூன்றே சொல். அதில் கடுமை இல்லை. உங்கள் பத்தியில் கடுமை வேறு இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. இரண்டையும் சரிசெய்யலாம், அதற்காக ‘என்பது குறிப்பிடத்தக்கது’ போன்றவற்றைத் திரும்ப அழைத்து வர வேண்டாம்.

அதைவிட எனக்குக் கவலை தந்தது வேறொன்று. வெட்டும்போது சில இடங்களில் மருத்துவமே மாறிவிட்டது. ‘சுத்தமான’ போய்விட்டது. ‘சிறிது சிறிதாக’ போய்விட்டது. ‘இனிப்புச் சேர்க்கப்பட்ட பானங்கள்’ என்பது ‘வேறு பானங்கள்’ ஆகிவிட்டது. இதை அப்படியே நம்பும் ஒரு தாய் தாய்ப்பாலையும் கஞ்சியையும் மோரையும் நிறுத்திவிடுவார். நீங்கள் சொல்ல வந்ததற்கு அது நேர் எதிர். ஆகவே எதை எடுக்கலாம், எது எடுக்கக் கூடாதது என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

வெற்றுச் சொல் எது, வேலை செய்யும் சொல் எது

ஒரு சொல் சின்னதாக இருப்பதாலோ பல இடங்களில் வருவதாலோ வெற்றுச் சொல் ஆகிவிடாது. அதை எடுத்துவிட்டு வாக்கியத்தைப் படித்துப் பாருங்கள். படிப்பவர் செய்யப்போகும் காரியத்தில் ஏதாவது மாறுகிறதா? மாறவில்லை என்றால் அது வெற்றுச் சொல்.

இந்தச் சோதனையில் உங்கள் முதல் வடிவில் கழிந்துபோவன இவை. ‘கரைசலானது’, ‘பொடியானது’ என்பவற்றின் ‘ஆனது’. இதை இலக்கணத்தில் எழுவாய்க்குரிய சொல்லுருபு என்பார்கள். ‘கரைசல்’ என்றாலே எழுவாய்தான், ஒட்டுத் தேவையில்லை. ‘எளிதான முறையில்’ என்பதில் ‘முறையில்’. ‘தயாரிக்கப்படக் கூடியதாக இருக்கிறது’ என்ற மூன்று சொல்லின் வேலையை ‘கலக்கலாம்’ என்ற ஒரே சொல் செய்துவிடும். ‘வாந்தி ஏற்படும் பட்சத்தில்’ என்பது ‘வாந்தி எடுத்தால்’. ‘என்பது குறிப்பிடத்தக்கது’ என்பது எதையுமே குறிப்பதில்லை, ஏனென்றால் குறிப்பிடத் தகாததை நீங்கள் எழுதப்போவதில்லை. இவை எல்லாம் போனாலும் வாக்கியம் கடுமையாகாது. உங்கள் வெட்டில் இவை போனது மிகச் சரி.

‘சிறிது சிறிதாக’ என்பதோ மருந்தின் அளவு. வாந்தி எடுத்த குழந்தைக்கு ஒரே மூச்சில் டம்ளர் நிறையக் கொடுத்தால் அதையும் வாந்தி எடுக்கும். கரண்டி கரண்டியாகக் கொடுத்தால் தங்கும். ‘சிறிது’ என்ற சொல்லைத் தயக்கச் சொல் பட்டியலில் வைத்துக்கொண்டு தேடித் தேடி அழித்ததால் இதுவும் சேர்ந்து போயிற்று. ‘முழுவதுமாக’ என்பதும் அப்படித்தான். பாக்கெட்டைப் பிரித்துப் பாதியை ஒரு டம்ளரில் கலந்து, மீதியை மடித்து வைப்பது பல வீடுகளில் நடக்கிறது. ஒரு லிட்டருக்கான பொடியில் பாதியை 200 மில்லி நீரில் போட்டால் கரைசல் இரண்டரை மடங்கு அடர்த்தியாகிவிடும், குழந்தையின் உடலில் உப்பு கூடிவிடும். அந்தத் தவறைத் தடுக்கிற ஒரே சொல் ‘முழுவதும்’தான்.

இன்னொன்று, ‘வீட்டிலேயே’ என்பதில் உள்ள ‘ஏ’. தமிழில் கனிவும் அழுத்தமும் இந்தச் சிறு இடைச்சொற்களில்தான் பெரும்பகுதி இருக்கின்றன: ஏ, தான், உம், ஆவது, மட்டும். ‘வீட்டில் கலக்கலாம்’ என்றால் செய்தி. ‘வீட்டிலேயே கலக்கலாம்’ என்றால், மருத்துவமனைக்கு ஓட வேண்டுமோ என்று பதறுகிறவருக்கு ஓர் ஆறுதலும் அதில் இருக்கிறது. ஒரு சொல்லும் கூடவில்லை, ஓர் எழுத்துதான். வெட்டும்போது இவற்றில் கை வைக்காதீர்கள்.

கடுமை எங்கே இருக்கிறது

இப்போது அந்த இரண்டு இடங்களைப் பார்ப்போம். முதலாவது வாக்கியத்தின் முடிவு. தமிழ் வாக்கியம் வினையில் முடிகிறது; படிப்பவரின் காதில் கடைசியாக நிற்பது அதுதான். உங்கள் ஐந்து வாக்கியங்களில் நான்கு ‘-வும்’ என்று முடிகின்றன, ஐந்தாவது ‘கூடாது’ என்று முடிகிறது. ‘கலக்கவும்’, ‘நிறுத்தவும்’ என்பது மருந்துப் புட்டியிலும் அலுவலகப் பலகையிலும் வரும் வடிவம். சொல்கிறவரும் இல்லை, கேட்கிறவரும் இல்லை. தோழிக்குச் சுவரொட்டி ஞாபகம் வந்தது இதனால்தான்.

‘செயப்பாட்டு வினையை எடு’ என்று சொன்னவுடன் பலரும் போய் நிற்கும் இடம் இது. ‘கலக்கப்பட வேண்டும்’ என்பதை மாற்ற வேண்டும், ‘கலக்குங்கள்’ என்றால் அதிகாரமாகத் தெரியுமோ என்று தயங்கி, நடுவில் ‘கலக்கவும்’ என்று நிற்கிறோம். உண்மையில் மூன்றில் கடுமையானது அதுதான். ‘கலக்குங்கள்’ என்பதில் எதிரே ஒரு மனிதர் இருக்கிறார், அவருக்கு மரியாதை விகுதியும் இருக்கிறது.

அதிலும் மென்மை வேண்டுமென்றால் துணைவினைகள் இருக்கின்றன. ‘கரையுங்கள்’ என்பதைவிட ‘கரைத்துக்கொள்ளுங்கள்’ இதமாக இருக்கிறது, ஏனென்றால் ‘கொள்’ என்பது அந்தக் காரியத்தின் பலன் செய்கிறவருக்கே என்று சொல்லிவிடுகிறது. ‘பாருங்கள்’ என்பது கட்டளை, ‘பார்த்துவிடுங்கள்’ என்பது அக்கறை. ‘கொடுக்கக் கூடாது’ என்பது விதி, ‘கொடுக்க வேண்டாம்’ என்பது வேண்டுகோள், ‘கொடுத்துவிடாதீர்கள்’ என்பதில் பதற்றமும் பரிவும் சேர்ந்திருக்கின்றன. இவற்றை வெற்று ஒட்டு என்று சிலர் வெட்டச் சொல்வார்கள். செய்திக் குறிப்பு என்றால் வெட்டலாம். ஒரு தாயிடம் பேசும் கட்டுரையில் வேண்டாம். ஆனால் எல்லா வாக்கியத்தையும் ‘-கொள்ளுங்கள்’ என்று முடித்தாலும் அதுவே பாராயணம் ஆகிவிடும். ஒரு பத்தியில் ஒரே முடிவு அடுத்தடுத்து இரண்டு முறைக்கு மேல் வராமல் பார்த்துக்கொண்டால் போதும்: ஒன்று ‘-ங்கள்’, ஒன்று ‘-லாம்’, ஒன்று ‘வேண்டும்’, ஒன்று வெறும் தகவலாக ‘-கிறது’ அல்லது ‘-உம்’.

இரண்டாவது இடம், காரணம். ‘வேறு பானங்கள் கொடுக்கக் கூடாது’ என்பது ஏன் திட்டுவதுபோல் ஒலிக்கிறது? ஏன் கூடாது என்று சொல்லவில்லை. ‘இனிப்புப் பானங்கள் மட்டும் வேண்டாம், பேதியைக் கூட்டிவிடும்’ என்றால் சொற்கள் ஒன்றிரண்டு கூடும், ஆனால் தொனி மாறிவிடும். காரணம் சொல்வது எதிரே இருப்பவரை மதிக்கிற செயல். முதல் வடிவிலும் காரணம் எங்கும் இல்லை. அங்கே அது இல்லாததை ‘நல்லது என்று சொல்லலாம்’ என்ற போர்வை மூடி வைத்திருந்தது. போர்வையை எடுத்ததும் வெறுமை தெரிகிறது. ஆகவே வெட்டி மிச்சப்படுத்திய சொற்களில் கொஞ்சத்தைக் காரணத்துக்குச் செலவிடுங்கள்.

தயங்குவதில் நியாயமானதும் பயத்தில் வருவதும்

உங்கள் முதல் வடிவின் மூன்றாவது வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். ‘பொதுவாக’, ‘ஏறக்குறைய’, ‘நல்லது’, ‘என்று கருதப்படுகிறது’ என்று 24 மணி நேரம் என்ற ஒரே தகவலுக்கு நான்கு தயக்கங்கள். செவிலியரான உங்களுக்கு இதில் சந்தேகம் ஏதும் கிடையாது. கலந்த கரைசலில் கிருமி வளரும், ஒரு நாளுக்கு மேல் வைக்கக் கூடாது. இங்கே ‘ஏறக்குறைய’ என்பது பணிவுபோல் தெரிந்தாலும் படிப்பவருக்கு அது சலுகை: ‘அப்படியானால் 30 மணி நேரமும் பரவாயில்லை’. உறுதியாகத் தெரிந்ததை உறுதியாகச் சொல்வது அகம்பாவம் ஆகாது.

‘சுமார் 10 நிமிடங்கள்’ என்பதன் கதை வேறு. கடிகாரம் பார்த்து யாரும் கரண்டியை எடுக்கப்போவதில்லை. எடுக்கத் தேவையும் இல்லை. இங்கே தோராயம்தான் உண்மை. அதைத் தக்கவைக்கலாம். ‘சுமார்’ வறட்சியாகத் தோன்றினால், பேச்சில் நாம் எண்ணுக்கு முன் போடும் ‘ஒரு’ இருக்கிறது: ‘ஒரு 10 நிமிடம் பொறுத்து’. தோராயம் என்ற பொருளும் வந்துவிடுகிறது, பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோலவும் இருக்கிறது. இதே ‘ஒரு’வை 24 மணி நேரத்துக்கு முன் போட்டால் தவறாகிவிடும்.

சில இடங்களில், கட்டுரையில் இல்லாத தயக்கத்தைச் சேர்க்கவும் வேண்டும். ‘ஒரு பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர்’ என்று உங்கள் இரண்டு வடிவமும் அடித்துச் சொல்கின்றன. ஆனால் 200 மில்லி நீருக்கான சிறிய பாக்கெட்டும் மருந்துக்கடையில் கிடைக்கிறதே. அதை வாங்கி வந்தவர் ஒரு லிட்டரில் கலந்தால் கரைசல் ஐந்து மடங்கு நீர்த்துப்போகும். குழந்தைக்குத் தேவையான உப்பு கிடைக்காது. இங்கே ‘பொதுவாக’ என்று ஒரு சொல்லைத் தூவினால் பயனில்லை. விதிவிலக்கு எது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்ல வேண்டும்: உறையில் அச்சிட்ட அளவைப் பார்ப்பது.

எந்தத் தயக்கச் சொல்லைக் கண்டாலும் ‘எதில் எனக்குச் சந்தேகம்?’ என்று கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால், சந்தேகத்தை அந்த இடத்தில், ஒரு முறை, வெளிப்படையாக எழுதுங்கள். பதில் வராவிட்டால் சொல்லை எடுத்துவிடலாம். இந்தப் பொருளில் எழுதும் கட்டுரைகளில், ‘ஓ.ஆர்.எஸ். மூலம் வயிற்றுப்போக்கு ஓரளவு கட்டுப்படலாம்’ என்ற வாக்கியம் அடிக்கடி வரும். ‘ஓரளவு’, ‘லாம்’ இரண்டையும் எடுத்தால் ‘வயிற்றுப்போக்கு கட்டுப்படும்’ என்று பொய்யாகிவிடும். வைத்துக்கொண்டாலும் மங்கலாகத்தான் இருக்கும். கேள்வியைக் கேட்டால் விடை தெளிவாக வருகிறது: ‘கரைசல் கொடுத்ததும் பேதி நின்றுவிடாது, அது நிற்கச் சில நாள் ஆகும். அதுவரை உடல் இழக்கிற நீரையும் உப்பையும் கரைசல் ஈடுகட்டும்.’ இதைப் படித்த தாய், ‘கொடுத்தும் நிற்கவில்லையே’ என்று இரண்டாம் நாளே கரைசலை நிறுத்திவிட மாட்டார்.

‘படு’வை மாற்றும் வழி

செயப்பாட்டு வினை என்றாலே தவறு என்று எண்ண வேண்டாம். ‘தடைசெய்யப்பட்ட மருந்து’ என்பதை மாற்றினால்தான் வாக்கியம் கோணும். யார் செய்தார் என்பது தெரியாதபோதும், தேவைப்படாதபோதும் அது பொருத்தமான வடிவம். மற்ற இடங்களில் தமிழுக்கு அதைவிட இயல்பான வழிகள் உண்டு.

மாற்றுவதற்கு முன் ஓர் எச்சரிக்கை. கணினியில் ‘ப்படு’, ‘ப்பட்ட’ என்று தேடினால் ‘பயப்படுகிறார்’, ‘கவலைப்பட்டார்’, ‘தேவைப்படும்’, ‘புறப்பட்டது’ எல்லாமும் வந்து நிற்கும். இவை செயப்பாட்டு வினை அல்ல. பயப்படுவது தாய்தான், வேறொருவர் அவரை எதுவும் செய்யவில்லை. ‘படு’ வந்த இடமெல்லாம் மாற்றியபோது ‘பயப்படத் தேவையில்லை’ என்ற வரி உங்கள் பத்தியிலிருந்து மறைந்தது ஒருவேளை இதனால்தான். பத்தியில் ஆறுதல் சொன்ன ஒரே வரி அது.

மாற்றும்போது எல்லோரும் செய்வது, ‘நீங்கள்’ என்ற எழுவாயைக் கொண்டுவந்து வைப்பது. ‘பொடி தவறான அளவில் கலக்கப்படுகிறது’ என்ற வாக்கியத்தை அப்படி மாற்றினால் ‘நீங்கள் தவறான அளவில் கலக்கிறீர்கள்’ என்று ஆகும். செயப்பாட்டு வினை போயிற்று, குற்றச்சாட்டு வந்து நின்றது. கடுமை குறித்த உங்கள் பயத்தில் நியாயம் இருப்பது இந்த ஓர் இடத்தில்தான். ஆனால் ‘நீங்கள்’ இல்லாமலே தமிழில் செய்வினை எழுதலாம். ‘பாதிப் பாக்கெட்டை டம்ளரில் கலந்தால் உப்பு கூடிவிடும்.’ கலந்தது யார்? யாராகவும் இருக்கலாம். ‘-ஆல்’ என்ற எச்சம் யாரையும் சுட்டிக்காட்டாமல் தவறை மட்டும் காட்டுகிறது.

இது போன்ற வழிகள் இன்னும் சில. ‘சேர்க்கப்பட்ட பானம்’ என்பதற்கு ‘சேர்த்த பானம்’ போதும். தமிழ்ப் பெயரெச்சத்துக்கு யார் சேர்த்தார் என்ற கவலை கிடையாது. ‘தஞ்சைப் பெரிய கோயில் ராஜராஜனால் கட்டப்பட்டது’ என்று எழுதிப் பழகிவிட்டோம், ‘தஞ்சைப் பெரிய கோயில் ராஜராஜன் கட்டியது’ என்பதே நம் வாயில் வருவது. கோயிலே முதலில் நிற்கிறது, ‘படு’வும் இல்லை, ‘ஆல்’ உருபும் இல்லை. தன்வினை இருக்கும் இடத்தில் அது எல்லாவற்றிலும் அழகு: ‘பொடி முழுவதும் கரைக்கப்பட வேண்டும்’ என்பதைவிட ‘பொடி முழுவதும் கரையட்டும்’. செய்கிறவர் பெயர் தேவையில்லாத பொது வழக்குக்கு ‘-பார்கள்’ உண்டு: ‘எவ்வளவு நீர் என்று உறையில் அச்சிட்டிருப்பார்கள்.’

இது புதிய உத்தி இல்லை. செயப்படுபொருளைச் செய்தது போலச் சொல்வதும் வழக்குக்குரிய மரபே என்று தொல்காப்பியம் வினையியலில் சொல்கிறது. ‘திண்ணை மெழுகிற்று’ என்பது உரைகாரர்கள் காட்டும் உதாரணம். திண்ணை மெழுகாது, யாரோ மெழுகினார்கள். ஆனாலும் ‘மெழுகப்பட்டது’ என்று சொல்லத் தேவை இருக்கவில்லை.

உங்கள் பத்தி, மறுபடியும்

மேலே சொன்னவற்றை வைத்து உங்கள் பத்தியை இப்படி எழுதலாம்:

> ஓ.ஆர்.எஸ். கரைசலை வீட்டிலேயே கலக்கலாம். ஒரு லிட்டர் சுத்தமான குடிநீரில் ஒரு பாக்கெட் பொடி முழுவதையும் போட்டுக் கரைத்துக்கொள்ளுங்கள். 200 மில்லிக்கான சிறிய பாக்கெட்டும் வருகிறது. உறையில் அளவைப் பார்த்துவிடுங்கள். கரைசலை 24 மணி நேரம் வைத்திருக்கலாம். பிறகும் மிஞ்சினால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும். குழந்தை வாந்தி எடுத்தால் பயப்படாதீர்கள். ஒரு 10 நிமிடம் பொறுத்து, மறுபடி கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். இனிப்புப் பானங்கள் மட்டும் வேண்டாம், பேதியைக் கூட்டிவிடும்.

முதல் வடிவம் 55 சொல், உங்கள் வெட்டு 22, இது 51. நான்கு சொல்தான் குறைந்ததா என்று மலைக்க வேண்டாம். பாக்கெட் அளவு, மிஞ்சியதை என்ன செய்வது, இனிப்பு ஏன் கூடாது என்று மூன்று புதிய செய்திகள் உள்ளே வந்திருக்கின்றன.

24 மணி நேர வாக்கியத்தை மட்டும் கொஞ்சம் நின்று பாருங்கள். ‘24 மணி நேரத்திற்குள் பயன்படுத்தப்படுவது நல்லது’ என்பதை நீங்கள் ‘24 மணி நேரத்தில் பயன்படுத்தவும்’ என்று மாற்றியபோது, ஒரு லிட்டரையும் ஒரே நாளில் குழந்தைக்குக் கொடுத்து முடிக்க வேண்டும் என்ற பொருளும் வந்துவிட்டது. நீங்கள் சொல்ல நினைத்தது எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்பதை. செயப்பாட்டு வினை இருந்தபோது இந்தக் குழப்பம் மறைந்திருந்தது. ‘பயன்படுத்து’ போன்ற பொதுவினையை ‘வைத்திரு’, ‘கொடு’, ‘கொட்டு’ என்று குறிப்பான வினையாக மாற்றினால் இப்படிப்பட்டவை தாமாகவே வெளியே வரும். மங்கலான வாக்கியத்தைச் செய்வினைக்கு மாற்றும் முன், ‘யார், எதை, என்ன செய்கிறார்’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

வாக்கியங்கள் இணைந்திருப்பதையும் கவனியுங்கள். ‘நிறுத்தவும். பிறகு கொடுக்கவும்.’ என்று துண்டாக நின்றவை ‘பொறுத்து, மறுபடி கொடுங்கள்’ என்று ஒன்றாகிவிட்டன. வெட்டிய உடனே வாக்கியங்கள் குட்டையாகி, தட்டுத் தட்டென்று விழும். பக்கத்தில் உள்ள இரண்டை வினையெச்சத்தால் கோத்தால் அந்த ஓசை போய்விடும். ஒரு வாக்கியத்தில் மூன்று எச்சம் வரை தாங்கும். அதற்கு மேல் போனால் படிப்பவர் மூச்சு வாங்குவார், எந்த வேலை முதலில் என்ற வரிசையும் குழம்பும்.

கடுமையே தேவைப்படும் இடம்

கட்டுரையில் ஒரு பத்திக்கு இந்த மென்மை எதுவும் வேண்டாம். குழந்தை எதையும் குடிக்க முடியாமல் இருந்தால், குடித்ததை எல்லாம் வாந்தி எடுத்தால், எழுப்பியும் எழாமல் துவண்டு கிடந்தால், மலத்தில் இரத்தம் வந்தால் என்ற அபாய அறிகுறிகள் வரும் இடம் அது. அங்கே ‘மருத்துவரை அணுகுவது நல்லது எனலாம்’ என்று எழுதினால் தாய் காலை வரை காத்திருப்பார். ‘உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். குழந்தை விழித்திருந்து விழுங்க முடிந்தால், வழியிலும் கரைசல் கொடுத்துக்கொண்டே போங்கள்.’ குட்டை வாக்கியம், நேர் ஏவல். மற்ற பத்திகள் இதமாக இருந்தால்தான் இந்த ஒன்று வேறாக ஒலித்து, படிப்பவரை எழுந்து ஓட வைக்கும். நீங்கள் கட்டுரை முழுவதையும் ‘-வும்’ என்று முடித்தபோது அபாயமும் சாதாரணக் குறிப்பும் ஒரே குரலில் ஒலித்தன; அதுவும் ஓர் இழப்புதான்.

வேலையை எந்த வரிசையில் செய்வது

எல்லாவற்றையும் ஒரே வாசிப்பில் திருத்த முயன்றால் ‘சிறிது சிறிதாக’ போன்ற விபத்துகள் நடக்கும். முதல் வடிவத்தை ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு, அதில் குழந்தையின் உயிரோடு தொடர்புள்ள சொற்களுக்கு அடிக்கோடு இடுங்கள்: எண்கள், ‘முழுவதும்’, ‘சுத்தமான’, ‘இனிப்பு’, ‘சிறிது சிறிதாக’. இவற்றின் பொருளைப் பிறகு தொடுவதில்லை. அடுத்த வாசிப்பில் ‘ஆனது’, ‘குறிப்பிடத்தக்கது’, ‘பட்சத்தில்’ வகை வெற்றுச் சொற்கள் மட்டும். அதற்கடுத்து ஒவ்வொரு தயக்கச் சொல்லிடமும் ‘எதில் சந்தேகம்?’ என்ற கேள்வி. ‘படு’ அதற்குப் பிறகுதான், ஏனென்றால் முந்தைய இரண்டிலேயே அதில் பாதி போயிருக்கும். கடைசி வாசிப்பு உரக்க: வாக்கிய முடிவுகளை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே படியுங்கள். ஒரே ஓசை அடுத்தடுத்து மூன்று முறை வந்தால் காது சொல்லிவிடும். முடிந்ததும், அடிக்கோடிட்ட சொற்கள் எல்லாம் புதிய வடிவில் இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனி அந்த 300 சொல் கணக்கு. மருத்துவக் குறிப்புகளை 22 சொல்லுக்குச் சுருக்கி அதை அடைய முயன்றிருக்கிறீர்கள். முன்னுரையின் 180 சொல்லைக் காப்பாற்றியிருக்கிறீர்கள். என் யோசனை இதற்குத் தலைகீழ். முன்னுரை முழுவதும் போகட்டும். குழந்தை பேதியோடு மடியில் கிடக்கும்போது அந்தப் பக்கத்தைத் திறக்கிற தாய் தேடுவது அளவையும் அடையாளத்தையும்தான். கனிவு அங்கே இருக்கிறது என்று எண்ணினீர்கள். ‘வீட்டிலேயே’, ‘பயப்படாதீர்கள்’, ‘கரைத்துக்கொள்ளுங்கள்’ என்று அது இப்போது வேலை நடக்கும் பத்திகளுக்குள் வந்துவிட்டது. மீதி 120 சொல்லுக்கு, இந்தப் பத்தியில் செய்ததுபோல் மற்றவற்றிலும் வெற்றுச் சொற்களை எடுத்துப் பாருங்கள். அப்படியும் ஒரு 20, 30 சொல் கூடுதலாக நின்றால் வெட்டாமல் அனுப்புங்கள். ‘அளவுக் குறிப்புகளைக் குறைத்தால் தவறாகப் புரிந்துகொள்ள இடமுண்டு, அதனால் விட்டுவைத்தேன்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.